பாங்கிக் கணக்கில் நாமினி உண்டா? முகவரி மாற்றும்போதே பதிவு செய்க

குறுவைக்கு உரம் வாங்கப் பணம் எடுக்கச் செல்லும் விவசாயியிடம், "உங்கள் அடையாள விவரம் பழையதாகிவிட்டது; புதிதாகக் கொடுங்கள்" என்று பாங்கியில் சொல்வது இப்போது சாதாரணம். அவரும் ஆதார் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார். அந்தக் கணக்கில் நாமினி, அதாவது தமக்குப் பின் பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர், யாராவது உண்டா என்று அவரும் கேட்பதில்லை. பாங்கியிலும் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மனுவில், ஒரே நாளில் முடித்துவிடுவதே சரியான முறை என்பது என் கருத்து.

நாமினி பதிவாகியிருந்தால், கணக்குதாரர் காலமான பிறகு அவருடைய இறப்புச் சான்று, நாமினியின் அடையாளச் சான்று, கோரிக்கைப் படிவம் ஆகியவற்றைக் கொடுத்தால் 15 நாட்களுக்குள் பாங்கி பணத்தைத் தர வேண்டும். நாமினி இல்லாவிட்டால் வாரிசுகள் யார் யார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அத்தனை வாரிசுகளும் கையெழுத்திட வேண்டியிருக்கும். வெளியூரில் இருக்கும் ஒருவர் கையெழுத்திட வராவிட்டாலும் பணம் நின்றுபோகும். நாற்றங்கால் அதற்காகக் காத்திருக்காது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு விவசாயியின் பாஸ்புத்தகத்தில் க. மாரிமுத்து என்று இருக்கிறது. ஆதாரில் மாரிமுத்து கருப்பையா என்று இருக்கிறது. பாகப்பிரிவினைக்குப் பின் அவர் பக்கத்துக் கிராமத்தில் வீடு கட்டிக் குடிபோயிருக்கிறார். பாங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கும், 50,000 ரூபாய்க்கு ஒரு நிரந்தர வைப்பும் உண்டு. இரண்டிலும் நாமினி இல்லை. மனைவியை நியமிக்க விரும்புகிறார். இவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சான்றுகள். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் எடுத்துச் சென்று திரும்பி வந்தவர்கள் அநேகர். பான் அட்டை இருந்தால் அதையும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாகப் பாங்கி தரும் உறுதிமொழிப் படிவத்தையும் கொடுக்க வேண்டும்.

ஆதாரில் பழைய முகவரியே இருந்தால் என்ன செய்வது? இரண்டு மாதத்திற்கு உட்பட்ட மின்கட்டணப் பட்டியலையோ, வீட்டுவரி ரசீதையோ தற்காலிகமாகக் கொடுக்கலாம். ஆனால் மூன்று மாதத்திற்குள் ஆதாரிலும் புதிய முகவரியை ஏற்றிப் பாங்கிக்குக் காட்ட வேண்டும். இங்கே ஒரு சங்கடம் உண்டு. மின் இணைப்பு இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருக்கும். அந்தப் பட்டியல் மகனுக்குச் சான்றாகாது. அப்படிப்பட்டவர்கள் முதலில் ஆதாரைத் திருத்திக்கொண்டு, பிறகு பாங்கிக்குப் போவதே வீண் அலைச்சலைத் தவிர்க்கும். நம் விவசாயியும் அப்படியே செய்தார் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது பெயர். முன்னெழுத்தை விரித்து எழுதியதால் வந்த வேறுபாடுதான் என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதி, ஆதாரில் உள்ளபடி மாற்றக் கேட்க வேண்டும். திருமணத்திற்குப் பின் பெயர் மாறிய பெண்களிடம் பழைய பெயரில் சான்று இருந்தால், திருமணப் பதிவுச் சான்றையோ அரசிதழ் அறிவிப்பையோ சேர்த்துக் கொடுக்கலாம்.

நாமினிப் படிவம் ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்தனி. சேமிப்புக் கணக்கில் எழுதிவிட்டால் வைப்பிற்கும் சேர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு இருந்தால் அங்கேயும் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சி தேவையில்லை. கைநாட்டு வைப்பவருக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கூட்டுக் கணக்கானால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நாமினி 18 வயதுக்கு உட்பட்டவரானால், அவருக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் பெயரையும் எழுத வேண்டும்.

இனி மனு. வெள்ளைத்தாளில், கிளை மேலாளர் அவர்களுக்கு, தேதியும் கணக்கு எண்களும் செல்பேசி எண்ணும் குறித்து இப்படி எழுதலாம்:

"ஐயா, என்னுடைய மேற்படி சேமிப்புக் கணக்கிலும் நிரந்தர வைப்பிலும் என் மனைவியை நாமினியாகப் பதிவு செய்யக் கோருகிறேன். என் முகவரி மாறியுள்ளது. புதிய முகவரியைக் கீழே எழுதியுள்ளேன். கணக்கில் உள்ள க. மாரிமுத்து என்பவரும், ஆதாரில் உள்ள மாரிமுத்து கருப்பையா என்பவரும் நான் ஒருவனே. ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்திப் பதிவு செய்யவும். இணைப்புகள்:

1. நாமினிப் படிவம் (சேமிப்பு 1, வைப்பு 1) - 2
2. அடையாள விவரம் புதுப்பிக்கும் படிவம் - 1
3. புதிய முகவரியுள்ள ஆதார் நகல் - 1
4. பான் அட்டை நகல் - 1
5. பாஸ்புத்தக முதல் பக்க நகல் - 1
6. வைப்பு ரசீது நகல் - 1
7. மனைவியின் ஆதார் நகல் - 1
8. புகைப்படம் - 1"

ஏழாவது இணைப்பு நாமினியின் பெயரை எழுத்துப் பிசகாமல் பதிவதற்காக. பின்னாளில் அவர் காட்டப்போகும் அட்டையில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரை எழுதினால் அன்றைக்குத் தகராறு வரும்.

நகல் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, அசலை எடுத்துச் சென்று காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மனுவை இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றில் பாங்கி முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். இணைப்புப் பட்டியல் எதற்கென்றால், "அந்தக் காகிதம் நீங்கள் தரவில்லை" என்று பின்னர் சொல்ல இடமில்லாமல் செய்வதற்குத்தான்.

முத்திரை வாங்கியதோடு வேலை முடியவில்லை. நாமினி பதிவானதற்குப் பாங்கி ஒப்புகை தர வேண்டும். பாஸ்புத்தகத்திலும் வைப்பு ரசீதிலும் நாமினி பதிவு செய்யப்பட்டதாகக் குறிக்க வேண்டும். நாமினியின் பெயரையும் அச்சிட்டுத் தருவார்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பதிவு நடக்கவில்லை என்றே கொண்டு, முத்திரையிட்ட பிரதியுடன் மீண்டும் கேளுங்கள். "சேர்த்துவிட்டோம்" என்ற வாய்வார்த்தை போதாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. சுப்ரீம் கோர்ட் 2010-ம் ஆண்டில் இதைத் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு மகனை மட்டும் நாமினியாகப் போட்டுவிட்டால் மற்ற மக்களின் பங்கு போய்விடாது. அவர்கள் அவரிடம் சட்டப்படி கேட்கலாம். 2025 நவம்பர் 1 முதல் வைப்புகளுக்கு நால்வர் வரை நாமினியாக நியமித்து, யாருக்கு நூற்றுக்கு எவ்வளவு என்றும் எழுதலாம். பங்குகளின் கூட்டுத்தொகை நூறாக இருக்க வேண்டும். பிள்ளைகள் பலர் உள்ள குடும்பங்களில் இது மனத்தாங்கலைக் குறைக்கும். சொத்து யாருக்கு என்பதை முடிவு செய்ய விரும்புகிறவர் உயிலும் எழுதி வைக்க வேண்டும்.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. அடையாளச் சான்றைக் கேட்டு வாங்கும் அதே மேஜையில் நாமினிப் படிவத்தையும் எடுத்து நீட்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. பாங்கி நீட்டாவிட்டால் விவசாயி கேட்டு வாங்க வேண்டும். இன்று மாலை விளக்கேற்றியதும் பாஸ்புத்தகத்தை எடுத்து, அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.