மாதம் 475 டொலர்தானே?

மொன்றியலில் கார் எடுக்கிற எங்கட ஆக்கள் முதலில் கேட்பது லோன் வட்டி எத்தனை வீதம் எண்டுதான். 24,000 டொலரை 7 வீதத்தில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதம் 475 கட்ட வேணும். அதில் வட்டி சராசரியாக 75தான்.

இனி மிச்சத்தைப் பாருங்கோ. வருடம் 12,000 கிலோமீற்றர் ஓடுற கார், 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்குது, லீற்றர் 1.60 எண்டு வையுங்கோ: பெற்றோலுக்கு மட்டும் மாதம் 128. இன்சூரன்ஸ் ஒரு 100. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் இங்கே சட்டப்படி கட்டாயம். அதோட ஒயில், பிரேக் எல்லாம் சேர்த்து ஒரு 80. மொத்தம் 308, வட்டியைப் போல நாலு மடங்கு. லோன் முடிஞ்சாலும் இது முடியாது.

என்னைக் கேட்டால், அரை வீத வட்டிக்குப் பேரம் பேச முதல், அந்த மொடலுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு எண்டு விசாரியுங்கோ. மாதம் 783 தாங்குமெண்டால் மட்டும் கையெழுத்து வையுங்கோ.