அழிந்த நிகழ்வைத் தேடும் இடம்

வாலிபர் கூட்டத்தின் பொதுக் கூகுள் நாட்காட்டியில் ஒருவர் சனிக்கிழமைப் பாடல் பயிற்சியைக் கைதவறி அழித்தால், அது எல்லோருடைய திரையிலும் மறைந்துவிடும். அழித்தவுடனே கீழே “Annuler” என்று வரும். அது பயிற்சியை ரத்துச் செய்வதற்கல்ல, அழித்ததைத் திரும்பப் பெறுவதற்கு. பயப்படாமல் அழுத்துங்கள், சில விநாடிகள்தான் நிற்கும்.

தவறவிட்டால், கணினியில் நாட்காட்டியைத் திறந்து, மேலேயுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி “Corbeille” என்பதற்குப் போங்கள். ஒவ்வொரு நாட்காட்டிக்கும் தனிக் குப்பைத்தொட்டி உண்டு. ஆகவே இடப்பக்கத்தில் வாலிபர் நாட்காட்டியைத் தெரிவு செய்யுங்கள்; உங்களுடையதில் தேடினால் கிடைக்காது. பயிற்சியின் எதிரேயுள்ள வளைந்த அம்புக்குறியை அழுத்தினால் திரும்பி வரும்.

திருத்தும் உரிமை உள்ளவருக்கே இது முடியும். ஏறத்தாழ 30 நாள் கடந்தால் தொட்டியிலிருந்தும் போய்விடும்.