மோட்டார் ஓடட்டும், அவங்க பேசட்டும்

எனக்குக் கல்யாணம் ஆனது 1996ல். பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு நானும் என் வீட்டுக்காரியும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கலை. காப்பி டம்ளரை வாங்கும்போது கை விரலைப் பார்த்தேன், அவ்வளவுதான். இப்போ எங்க பக்கம் அப்படி இல்லைங்க. பலகாரம் சாப்பிட்டு முடிச்சதும் பெரியவர் ஒருத்தர், "பொண்ணும் பையனும் ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசிக்கட்டுமே" என்பார். நல்ல மாற்றம்தான். ஆனா அந்தப் பத்து நிமிஷம் எங்கே நடக்குதுன்னு பார்த்திருக்கீங்களா?

கூடத்தை ஒட்டின அறையில. கதவு திறந்தே இருக்கும், திரை மட்டும் தொங்கும். திரைக்கு இந்தப் பக்கம் அத்தை, சித்தி எல்லாம் பேச்சை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பாங்க, உள்ளே பேசுறது காதுல விழணுமே! அந்தப் பிள்ளைங்க என்னதான் பேசும்? "என்ன படம் பிடிக்கும்?" "எல்லாமே பிடிக்கும்." "சமைப்பீங்களா?" "கொஞ்சம்."

என் அண்ணன் மகளுக்கு முதல்ல வந்த இடத்துல இப்படித்தான் ஆச்சு. ஏழே நிமிஷத்துல வெளியே வந்து, பிடிச்சிருக்குன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்த பிறகுதான் தெரியுது, கல்யாணம் முடிஞ்சதும் பையன் மட்டும் கத்தாருக்குத் திரும்பிப் போவான், பொண்ணு மாமனார் வீட்டுல இருக்கணும்னு. தரகர் எங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருந்தார். அதை ஏன் நீ கேட்கலைன்னு அண்ணன் மகளைத் திட்டினோம். "எப்படிக் கேட்கிறது சித்தப்பா? இப்பவே தனிக்குடித்தனம் கேக்குதுன்னு அவங்க அம்மா வெளியில இருந்து கேட்டுட்டு இருப்பாங்களே" என்றாள். சம்பந்தம் நின்னுபோச்சு, அட்வான்ஸும் போச்சு.

அடுத்த தடவை இடத்தை நான் மாத்தினேன். கிணத்து மேட்டு வேப்ப மரத்தடியில ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். வாசல்ல இருந்து பார்த்தா ஆள் தெரியும், பேச்சு கேட்காது. பெரியவங்களுக்கு அது போதும். முகம் காட்டைப் பார்த்து இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பி வெச்சேன். த்ரீ பேஸ் கரண்ட் இருந்த நேரம், மோட்டாரையும் போட்டு விட்டேன். தண்ணி தொட்டியில விழுற சத்தத்துல பக்கத்துல போனாக்கூட ஒண்ணும் கேட்காது. துணைக்குப் போறேன்னு கிளம்பின பையனை இளநீர் வெட்ட அனுப்பிட்டேன்.

அண்ணன் மகளுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லியிருந்தேன். அபிப்பிராயம் கேட்காதே, நடந்ததைக் கேளு. "பொண்ணுங்க வேலைக்குப் போறதைப் பத்தி என்ன நினைக்கறீங்க"ன்னு கேட்டா, படிச்ச பையன் எவனா இருந்தாலும் நல்ல பதில்தான் சொல்லுவான். "போன ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினீங்க"ன்னு கேட்டா பொய் சொல்லத் தோணாது.

அதையே கேட்டிருக்கா. வாராவாரம் வெள்ளி ராத்திரி சென்னையில பஸ் ஏறி ஊருக்கு வர்றாராம். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன், அதனால ஞாயித்துக்கிழமை விடியக்காலையில எந்திரிச்சு நாலு மாட்டுல பால் கறந்திருக்கார். "அடுத்த வருஷமும் இப்படித்தானா?"ன்னு இவ கேட்க, ரெண்டு வருஷத்துல வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துரலாம்னு இருக்கேன்னு சொல்லிட்டார். ரெண்டு பேருக்கும் சென்னையில வேலைங்கிறதுக்காகவே பார்த்த இடம் அது! இவளும் மறைக்கலை. போர்வெல் கடனுக்கு மாசம் எட்டாயிரம் அப்பாவுக்குக் குடுக்கறேன், கல்யாணம் ஆனாலும் குடுப்பேன்னு சொல்லியிருக்கா.

கடைசியா அந்தப் பையன் ஒரு வார்த்தை சொன்னாராம். "பிடிச்சிருக்கான்னு நான் கேட்கலை. கேட்டா ஆமான்னுதான் சொல்லியாகணும். உங்களுக்கு இது சரிப்படாதுன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க, நான் வேண்டாம்னு சொன்னதா எங்க வீட்டுல சொல்லிக்கறேன்." சுத்தி உறவுக்காரங்க உட்கார்ந்திருக்கும்போது ஒரு பொண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. வேண்டாம்னு சொன்ன பேர் பையன் மேல விழுந்தா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க, பொண்ணு மேல விழுந்தா அடுத்த இடம் வரைக்கும் கூடவே வரும்.

இவ சொல்லிட்டா. மாட்டுக்கும் காட்டுக்கும் பயப்படலை, ஆனா வேலையை விட முடியாதுன்னு. அவர் சொன்னபடியே செஞ்சார். இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.

மோட்டாரைப் போட்டுச் சம்பந்தத்தைக் கெடுத்தவன்னு எங்க அத்தை இன்னும் என்னைச் சொல்லிட்டு இருக்காங்க. பத்து நிமிஷத்துல ஒரு ஆளோட குணம் தெரியாதுதான். அதுக்கு வெளிப்படையாவே போன் நம்பரைக் குடுத்து ஒரு மாசம் பேச விடலாம். ஆனா எங்கே இருப்போம், யார் கூட இருப்போம், யாருக்குப் பணம் குடுப்போம், இந்த மூணும் தெரிஞ்சுரும்.

எனக்கும் வருத்தம் இல்லாம இல்லை. சென்னையை விட்டுட்டுக் காட்டுக்கு வர்றேன்னு சொல்ற பையன், விவசாயிக்குப் பிடிக்காமப் போகுமா? மாட்டைப் பத்தி அவர்கிட்ட நானே அரை மணி நேரம் பேசியிருந்தேன். ஆனா அவர் கூட வாழப் போறது நான் இல்லையே.

அடுத்த மாசம் கரூர்ப் பக்கம் இருந்து இன்னொரு இடம் வருது. காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கோம், அப்போ கரண்ட் இருக்கும். நாற்காலி ரெண்டும் வேப்ப மரத்தடியிலயேதான் கிடக்கு.