இடப்பக்கம் திறக்கிற இடைவெளி

நெரிசலில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற எங்களுக்கு வீட்டிலும் வெளியிலும் கிடைக்கிற அறிவுரை ஒன்றுதான்: “மெதுவாப் போங்கோ பிள்ளையள்.” இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இது போதாது. காலை எட்டு மணி விரிவுரைக்கு முன்னம் பலாலி வீதியில் பஸ், ஆட்டோ, கார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது நாங்கள் எல்லோரும் நடுவால புகுந்துதான் போகிறோம். அதை விடப்போவதும் இல்லை. அப்படியென்றால் எந்த இடைவெளிக்குள் போகலாம், எதற்குள் போகவே கூடாது என்பதையல்லவா யாராவது சொல்லித்தந்திருக்க வேண்டும்?

இதை நாங்கள் யோசிக்கத் தொடங்கியது திருநெல்வேலிச் சந்தியில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு. பின்னேரம் விரிவுரை முடிந்து கோண்டாவில் பக்கம் போய்க்கொண்டிருந்தான் எங்கள் நண்பன். சந்திக்குக் கிட்ட வாகனங்கள் நிரையாக நின்றன. முன்னுக்கு ஒரு டிப்பர். அது மெல்ல அசைந்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து போனது. இடப்பக்கம், வீதிக்கரையோடு ஒரு மோட்டார் சைக்கிள் தாராளமாகப் போகிற அளவுக்கு வெளி திறந்தது. “அண்ணை வழி விடுறார்” என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டான்.

டிப்பர் வழி விடவில்லை. ஆடியபாதம் வீதிக்குள், கொக்குவில் பக்கமாக, இடப்பக்கம் திரும்பப் போனது. நீளமான வாகனம் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லு போன தடத்தால் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அது கரையில் ஏறாமல் இருக்கத்தான் சாரதி முதலில் வலப்பக்கம் எடுத்துப் பிறகு இடப்பக்கம் வெட்டுகிறார். நண்பன் வழி என்று நினைத்த அந்த வெளி, பின்சில்லு வரப்போகிற இடம்.

“சிக்னல் போடேல்லையா?” என்று கேட்டோம். போட்டிருக்கலாம் என்றான். அவன் டிப்பரின் பக்கவாட்டுக்கு வந்தபோது பின் சிக்னல் விளக்கு அவனுக்குப் பின்னால் போய்விட்டது, முன் விளக்கு இன்னும் கண்ணில் படவில்லை. பெரிய வாகனத்தின் பக்கத்தில் நிற்கிற ஆளை அதன் சாரதிக்கும் தெரியாது, சாரதி என்ன செய்யப்போகிறார் என்று அந்த ஆளுக்கும் தெரியாது. நண்பன் வீதிக்கரையில் ஏறி விழுந்ததால் தப்பினான். ஹான்டிலும் ஒரு கண்ணாடியும்தான் போனது.

அடுத்த ஞாயிறு, தெரிந்த ஒருவரின் லொறியை வெறும் வளவொன்றில் நிறுத்திவைத்துச் சோதித்துப் பார்த்தோம். ஒருவர் சாரதி இருக்கையில் இருந்தார், மற்றவர் மோட்டார் சைக்கிளை ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். லொறிக்குப் பின்னால் ஒட்டி நின்றபோது ஒன்றுமே தெரியவில்லை. முன்பக்கம் பம்பரோடு நெருங்கி நின்றபோதும் ஹெல்மெட்டின் உச்சிகூடத் தெரியவில்லை. வலப்பக்கம் சாரதியின் யன்னலால் எட்டிப் பார்த்தால் ஓரளவு தெரிந்தது. இடப்பக்கம்தான் மோசம். எங்கள் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருக்கிறார். இடது கதவுக்குக் கீழே இருக்கிறதை அவ்வளவு தூரத்தில் இருந்து கதவே மறைத்துவிடுகிறது. லொறிக்காரர் சொன்னார்: “தம்பி, கண்ணாடியில நீ ஒருக்கா வந்து போவாய். அந்த நேரம் நான் வலப்பக்கம் பாத்துக்கொண்டிருந்தா, நீ வரவே இல்லை.”

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் விதி: பஸ்சுக்கோ லொறிக்கோ இடப்பக்கத்தால் போவதில்லை, அது நின்றாலும் சரி, ஓடினாலும் சரி. பஸ் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஆட்கள் இறங்குகிற கதவு அந்தப் பக்கம்தான்.

இரண்டாவது, கண்ணாடியில் சாரதியின் முகத்தைத் தேடுவது. முகம் எங்களுக்குத் தெரியவில்லை என்றால் நாங்களும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தால், அவர் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்கிறோம் என்று மட்டும்தான் அர்த்தம். அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் காரின் முன்சில்லையும் பார்க்க வேண்டும். உடல் நகர முன்னம் சில்லுத்தான் திரும்பும். நிரையில் நிற்கிற ஆட்டோவின் முன்சில்லு வீதியின் நடுப்பக்கம் திரும்பியிருந்தால், சிக்னல் இல்லாவிட்டாலும் அது வெளியே வரப்போகிறது என்று எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எந்த இடைவெளியையும் கண்டவுடன் “இது ஏன் வெறுமையா இருக்கு?” என்று கேட்பது. நிரை முழுக்க ஒட்டி நிற்கும்போது ஒரு கார் மட்டும் முன்னால் இடம் விட்டு நின்றால், பெரும்பாலும் அது எங்களுக்காக இல்லை. ஒழுங்கைக்குள் இருந்து வருகிற யாருக்கோ வழி விடுகிறார். நிரைக்கு வலப்பக்கத்தால் நாங்கள் போய்க்கொண்டிருந்தால், ஒழுங்கையால் வருகிறவரை அந்தக் கார் எங்களுக்கு மறைக்கிறது, எங்களை அவருக்கு மறைக்கிறது. நின்ற பஸ்சுக்கு முன்னால் குறுக்கே வருகிற பள்ளிப் பிள்ளைகளின் கதையும் இதேதான்.

அப்போது வேகம் எவ்வளவு இருக்கலாம்? நின்ற வாகனங்களுக்குப் பக்கத்தால் மணிக்கு 30 கிலோமீற்றரில் போனால் ஒரு நொடியில் 8 மீற்றருக்கு மேல் போகிறோம். கார்க் கதவு திறப்பதைக் கண்டு பிரேக்கில் கை இறுக ஒரு நொடி என்று வைத்தால், நிற்பதற்குள் ஏறக்குறைய 14 மீற்றர். அது ஒரு பஸ்சின் நீளத்தைவிடக் கூட. 15 கிலோமீற்றரில் ஆறு மீற்றருக்குள் நின்றுவிடலாம். நிரை ஓடத் தொடங்கினால் இந்தக் கணக்கும் மாறும், எல்லா இடைவெளியும் ஒரே நேரத்தில் இறுகும். அப்போது ஒரு வாகனத்துக்குப் பின்னால் நிரையில் சேர்ந்துவிடுவதுதான் சரி.

எங்களில் பலருக்குச் சொந்தக்காரர் இருக்கிற சிட்னியைப் பாருங்கள். அங்கேயும் வாகனங்கள் இடப்பக்கத்தால்தான் ஓடுகின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014ஆம் ஆண்டில், நெரிசலில் மோட்டார் சைக்கிள்கள் நிரைகளுக்கு நடுவால் போவதைச் சட்டமாக்கியது. ஆனால் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது, வீதிக்கரையோடு போகக்கூடாது, பழகுநர் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் போகவே கூடாது. எங்கள் வீதிகளில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு நிரைதான் என்பதால் அதை அப்படியே கொண்டுவர முடியாது. வலப்பக்கத்தால் போனால் எதிர்ப்பக்க வாகனம் வரும். அது வருகிறது என்றால் நிற்கத்தான் வேண்டும். இடப்பக்கம் வெளி இருக்கிறதே என்று அந்தப் பக்கம் தாவுவது அதற்குத் தீர்வு இல்லை.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது எங்களை எட்டுப் போட வைத்தார்கள், வீதிக்குறிகளைக் கேட்டார்கள். ஒரு லொறியின் சாரதி இருக்கையில் ஐந்து நிமிடம் யாரும் இருத்திக் காட்டவில்லை. பழக்குகிற இடங்கள் அதைச் செய்யலாம், செலவு ஒன்றும் இல்லை. அதுவரை, தெரிந்த லொறிக்காரர் யாராவது இருந்தால் நீங்களே கேட்டு ஏறி இருந்து பாருங்கள். உங்கள் நண்பரை மோட்டார் சைக்கிளோடு இடது கதவுக்குக் கீழே நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் நண்பன் இப்போதும் அந்தச் சந்தியால்தான் போகிறான். முன்னுக்கு டிப்பர் நின்றால், அதன் கண்ணாடியில் முகம் தெரிகிற தூரத்தில் பின்னுக்கே நிற்கிறான். பின்னால் இருக்கிறவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும் என்கிறான்.