‘நீங்களே பிரேயரை ஆரம்பிச்சு வைங்க’: பொது விழாவில் இதை மறுப்பது எப்படி?

காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். குடியரசு தின விழாவுக்கு எல்லா மதத்தினரும் வருவார்கள். தேவாரம் நன்றாகப் பாடும் உங்களுக்குச் சங்கச் செயலாளரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது: “மேடம், ஞாயிற்றுக்கிழமை இறைவணக்கம் நீங்கதான்.” உங்களுக்கு உடன்பாடு இல்லை. என்ன பதில் போடுவீர்கள்?

பெரும்பாலானோர் “தொண்டை சரியில்ல சார்” என்று தப்பிப்போம். என் கருத்து: அந்தப் பொய் வேண்டாம். தொண்டை சரியானதும் சுதந்திர தினத்துக்கு அதே அழைப்பு திரும்ப வரும். உண்மையான காரணத்தை நாலு வரியில் மரியாதையாகவே சொல்லிவிடலாம்.

கலந்துகொள்வதும் நடத்துவதும் ஒன்றா?

இல்லை. வேறொருவர் பிரார்த்திக்கும்போது மரியாதையாக நிற்பது ஒன்று. மைக்கைப் பிடித்து, கூட்டத்தின் சார்பில் கடவுளிடம் பேசுவது வேறு. முன்னால் இருப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் கடவுளை வணங்காதவர்களாக இருக்கலாம். சிலர் எந்தக் கடவுளையும் வணங்காதவர்கள். அவர்கள் சார்பில் நான் எப்படிப் பேசுவது என்ற தயக்கம், தீவிர பக்தி உள்ளவருக்கும் வரும். மறுப்பவர் எல்லாம் நாத்திகர் இல்லை.

நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறது. கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பள்ளிக் குழந்தைகள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. மரியாதையாக நின்றாலே போதும், பாடாதது அவமதிப்பு ஆகாது என்பதுதான் அதன் சாரம். தேசிய கீதத்துக்கே அப்படி என்றால், சங்க விழாவின் இறைவணக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எப்போது சொல்வது?

அழைப்பு வந்த அன்றே. 2022 ஜூலையில் தர்மபுரி மாவட்டத்தில் ஏரிப் பணி ஒன்றைத் தொடங்கிவைக்கப் போன அப்போதைய எம்.பி. செந்தில்குமார், அங்கே இந்து முறைப்படி பூமி பூஜை நடப்பதைப் பார்த்தார். ‘அரசு விழாவில் மற்ற மதத்தினர் எங்கே, திராவிடர் கழகத்தினர் எங்கே’ என்று அதிகாரியிடம் கேட்டு நிறுத்தினார். வீடியோ வைரலானது. அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் மேடைக்கு வந்த பிறகு மறுத்தால் கேள்வி பின்னால் போய், சண்டை மட்டும் முன்னால் வரும். எம்.பி.க்கு அது அரசியல். பக்கத்து பிளாட்காரருக்கு அது வருஷக்கணக்கில் லிஃப்டில் தொடரும் சங்கடம்.

மெசேஜ் எப்படி இருக்கணும்?

> வணக்கம் சார். என்னை நினைச்சு கேட்டதுக்கு நன்றி. எல்லா மதத்துக்காரங்களும் வர்ற விழால, எல்லார் சார்பாவும் நான் பிரார்த்தனை நடத்துறது எனக்குச் சரியா படல. அதனால அதை மட்டும் என்னால செய்ய முடியாது. விழாவுக்குக் கண்டிப்பா வர்றேன். தமிழ்த்தாய் வாழ்த்தோட தொடங்கலாம்னா, பாட நான் ரெடி.

இதில் காரணம் ‘என் பங்கு’ பற்றி மட்டும் இருக்கிறது. “நீங்க இப்படிக் கேட்டதே தப்பு” என்று ஒரு வரி சேர்த்தாலும் மெசேஜ் குற்றச்சாட்டாகிவிடும். “முடியாது” என்ற சொல்லும் தெளிவாக இருக்கிறது. “பார்க்கலாம் சார்” என்று போட்டால் அழைப்பிதழில் உங்கள் பெயர் அச்சாகிவிடும். முக்கியமாக, இதைச் செயலாளருக்குத் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் அது விவாத மேடை ஆகிவிடும்.

ஏன் தமிழ்த்தாய் வாழ்த்து?

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டுபிடித்த விடை அது. அரசு விழாக்களில் வெவ்வேறு கடவுள் வாழ்த்துகளுக்குப் பதிலாக, மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலை 1970-ல் கலைஞர் அரசு கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலானது. 55 விநாடியில் முடிந்துவிடும். தனியார் நிகழ்ச்சிகளிலும் இதைப் பாடுவதை ஊக்கப்படுத்தலாம் என்று அந்த அரசாணை சொல்கிறது.

மற்ற வழிகளில் சின்னச் சின்னச் சிக்கல்கள் உண்டு. ‘மும்மதப் பிரார்த்தனை’ என்றால் சமணரும் சீக்கியரும் கடவுள் மறுப்பாளரும் வெளியே நிற்பார்கள். ஒரு நிமிட மௌனம் என்றால், நம்மூரில் “யாரு தவறிட்டாங்க?” என்று கேட்பார்கள். குத்துவிளக்கு ஏற்றவும் சிலருக்குத் தயக்கம் இருக்கும்.

தமிழ்த்தாய் வாழ்த்தும் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மொழியைத் தாயாகவும் தெய்வமாகவும் போற்றும் பாடல் அது. அதைப் பாடத் தயங்குபவரும் அந்த 1986 குழந்தைகளைப் போல அமைதியாக நிற்கலாம்.

செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை: இப்படி ஒரு மெசேஜ் வந்தால் “ஏன் மேடம், உங்க சாமிதானே?” என்று திருப்பிக் கேட்காதீர்கள். “சரிங்க, வாங்க” போதும்.