எத்தனை வருடம் என்பதல்ல கேள்வி



மார்ச் நெருங்கினால் பல தனியார் நிறுவனங்களில் சுயமதிப்பீட்டுப் படிவம் கைக்கு வந்துவிடும். அதில் பதவி உயர்வு கேட்கும்போது ‘பத்து வருடமாக இங்கே உழைக்கிறேன்’ என்றுதான் பலரும் தொடங்குகிறோம். அரசுப் பணியில் பணிமூப்புக்குத் தனி எடை உண்டு. தனியாரில் அந்த வரி உங்கள் விசுவாசத்தைச் சொல்லும். மேல்பதவியின் பொறுப்பைத் தாங்குவீர்களா என்று சொல்லாது.

ஒரு நூற்பாலையில் சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். முன்பு மாதம் 200 பில் பார்த்தவர், இன்று 500 பார்க்கிறார். இதை எழுதினால், உதவிக்கு ஓர் ஆள் போடலாம் என்றுதான் மேலாளருக்குத் தோன்றும். கூடியது வேலைப்பளு மட்டுமே.

அவரே இன்னொன்றும் செய்திருக்கிறார். சப்ளையர் தன் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், அந்தப் பில் ஆலையின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வராது. ஆலையால் உள்ளீட்டு வரி வரவும் எடுக்க முடியாது. மாதந்தோறும் 14-ஆம் தேதி வரும் அந்த அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களின் சப்ளையர்களைத் தாக்கல் செய்யச் சொல்லி உடனே நெருக்கும் ஒரு முறையை அவர் உருவாக்கினார். அதே குழுமத்தின் மற்ற இரண்டு ஆலைகளும் அதை எடுத்துக்கொண்டன. கொள்முதல் பிரிவு தன் ஆர்டர் நிபந்தனையையே மாற்றியது. தன் மேசைக்கு வெளியே, தனக்குக் கீழ் இல்லாதவர்களின் வேலையை அவர் மாற்றியிருக்கிறார். மேல்பதவிக்கு வேண்டியது இதுதான். ஆனால் படிவத்தில் இது ‘ஜிஎஸ்டி பணிகளும் கவனித்தேன்’ என்று ஓர் ஓரத்தில் கிடக்கும்!

இதை ஒரு பக்கத்தில் எழுதலாம். முன்பு எவ்வளவு வரி வரவு தேங்கி நின்றது, இப்போது எவ்வளவு என்பதற்குக் கணக்கு. மற்ற ஆலைகள் அந்த முறையைக் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்கள். எந்த முடிவை அவரே எடுத்தார், எதற்கு மேலாளரிடம் போனார் என்ற விவரம். கூட்டாகச் செய்ததில் தன் பங்கு எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்து ஆலைக்கு ஒரு போன் போட்டால் உண்மை தெரிந்துவிடும். எழுதி முடித்ததும், பணியாண்டுகளைச் சொல்லும் வரிகளை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் இல்லை என்றால் உங்கள் கோரிக்கை இன்னும் தயாராகவில்லை.

அந்தப் பக்கத்தை மார்ச்சில் நீட்டுவது தாமதம். பட்ஜெட்டும் பெயர்களும் பெரும்பாலும் அதற்கு முன்பே பேசி முடிந்திருக்கும். முடிவெடுக்கும் அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், மேலாளர்தான் உங்களுக்காகப் பேசுவார். தீபாவளி வாக்கிலேயே அவர் கையில் கொடுத்து, “அடுத்த பதவிக்கு இதில் என்ன குறைகிறது?” என்று கேளுங்கள். சில இடங்களில் பதவியே காலி இருக்காது. அப்போது எத்தனை சான்று இருந்தும் பலனில்லை. எப்போது காலியாகும் என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அதே பக்கத்தை வேறு நிறுவனத்தின் நேர்காணலுக்குத் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்