சளி இருந்தால் ஊசியைத் தள்ளிப் போடலாமா?

"போன தடவை ஊசி போட்டதுக்கே ராத்திரி முழுக்க அனலாக் கொதிச்சுது டாக்டர். அடுத்த தடவை வர்றப்ப சளி. அப்புறம் நல்லா இருக்கட்டும்னு பார்த்தோம்..."

கையில் குழந்தையோடு பாட்டி. பின்னால் அம்மா, கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு. அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிறந்தவுடன் போட வேண்டியதெல்லாம் சரியாக இருந்தது. ஆறாவது வாரம் போடும் ஐந்து நோய்த் தடுப்பு ஊசி (பென்டா) ஒன்று. அதற்கப்புறம் வெறுமை. பத்தாவது வாரமும் இல்லை, பதினாலாவது வாரமும் இல்லை. குழந்தைக்கு இப்போது வயது ஐந்து மாதம்!

இந்த மாதிரி அட்டைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஊசியே வேண்டாம் என்கிற குடும்பங்கள் இல்லை இவை. படித்தவர்கள், குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். 'உடம்பு நல்லா ஆகட்டும், அப்புறம் போடலாம்' என்று பயந்து பயந்து தள்ளிப் போடுகிறவர்கள். என்னைக் கேட்டால், ஊசியால் வருகிற காய்ச்சலைவிட இந்த 'அப்புறம்'தான் ஆபத்தானது. ஏன் என்று சொல்கிறேன்.

பென்டாவில் கக்குவான் இருமலுக்கான மருந்தும் உண்டு. கக்குவான், பெரிய பிள்ளைகளை வாரக்கணக்கில் இருமி இருமி வாந்தியெடுக்க வைக்கும். ஆனால் தப்பித்துக் கொள்வார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளம் குழந்தை கதை வேறு. அதற்கு அந்த 'கூ...ப்' என்ற இழுப்புச் சத்தம்கூட வராமல் போகலாம். இருமிக் கொண்டே முகம் நீலமாகி, மூச்சே நின்றுவிடலாம். அதனால்தான் ஆறு, பத்து, பதினாலு வாரம் என்று அவ்வளவு சீக்கிரமாக மூன்று ஊசி. ஒரே ஒரு ஊசி தருகிற பாதுகாப்பு அரைகுறைதான். மேலே சொன்ன குழந்தை, கக்குவான் மிக மோசமாகத் தாக்குகிற மாதங்களை அந்த அரைகுறைப் பாதுகாப்போடு கழித்திருக்கிறது. ஏதோ நல்ல நேரம், ஒன்றும் ஆகவில்லை.

சரி, அந்த முதல் ஊசிக்கு ஏன் காய்ச்சல் வந்தது? அரசு மையங்களில் போடும் பென்டாவில், கொல்லப்பட்ட கக்குவான் கிருமியின் முழு உடலும் இருக்கிறது. உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு எதிர்க்கிறது. அதன் அடையாளம்தான் சூடு. அன்று மாலையோ இரவோ ஆரம்பித்து ஒன்று, இரண்டு நாளில் அடங்கிவிடும். தொடை வீங்கி, தொட்டால் அழும். பால் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். இதெல்லாம் இயல்பு. 'காய்ச்சலே வராத ஊசி' என்று தனியார் மருத்துவமனையில் கூடுதல் விலைக்குக் கிடைப்பது, கிருமியின் சில பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்தது. காய்ச்சலும் வலியும் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தரும் பாதுகாப்பு சீக்கிரமே தேய்கிறது. ஒரு ராத்திரித் தூக்கத்துக்காக அதைத் தேடி ஓட வேண்டாம் என்பது என் கட்சி.

அந்த ராத்திரியில் என்ன செய்வது? ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஈரத்துணியை வைத்தால் போதும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம். எடைக்கு ஏற்ற அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லிகிராம். ஆறு மணிக்கு ஒரு தரம் கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 125. சிரப் 3 மில்லி கொடுத்துப் பழகியவர், அதே 3 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்துக் கொடுத்தால், அது நாலு மடங்கு! பாட்டில் லேபிளைப் படித்துவிட்டு, மில்லிலிட்டர் கணக்கை டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

காய்ச்சல் மூன்றாவது நாளும் விடவில்லையா? ஊசி மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். வேறு ஏதோ காரணம் இருக்கலாம், காட்டியே ஆக வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, துவண்டு வெளுத்துப் போனாலோ, வலிப்பு வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். அடுத்த ஊசிக்கு முன்னும் இதைச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது மாதம் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி வேறு விதம். அன்று ஒன்றும் இருக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும், சில குழந்தைகளுக்கு மெல்லிய சிவப்புத் தடிப்பும் வரும். உடனே 'அம்மை போட்டிருக்கு' என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அது பலவீனமாக்கிய கிருமிக்கு உடம்பு காட்டும் பதில். இரண்டு நாளில் மறையும், பக்கத்துக் குழந்தைக்கு ஒட்டாது. குளிப்பாட்டலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமுகிறது, உடம்பு 100 டிகிரி காட்டுகிறது, இரண்டு தடவை வயிறு போயிற்று, ஆன்டிபயாடிக் குடிக்கிறது... இவை எதுவும் ஊசியைத் தள்ளிப் போடக் காரணமல்ல. குறைமாதக் குழந்தை என்பதும் அல்ல. வருடம் முழுக்கச் சளி பிடிக்கிற வயது அது. சளி இல்லாத நாளாகப் பார்த்துக் காத்திருந்தால் எந்தக் குழந்தைக்கும் ஊசி போட முடியாது.

நிஜமாகவே காத்திருக்க வேண்டிய நேரங்களும் உண்டு. குழந்தை கடும் காய்ச்சலிலோ, மூச்சுத் திணறலிலோ, வறண்டு துவண்டோ கிடந்தால் தேறட்டும், அப்புறம் போடலாம். சிறுநீரக நோய்க்காக அதிக அளவு ஸ்டீராய்டு இரண்டு வாரமோ அதற்கு மேலோ சாப்பிட்ட குழந்தைக்கு, நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள். ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால் தட்டம்மை ஊசியைச் சில மாதங்கள் தள்ள வேண்டும். ஏற்றியது எது என்பதைப் பொறுத்து எத்தனை மாதம் என்று டாக்டர் சொல்வார். வலிப்பு கட்டுக்குள் வராத குழந்தைக்கு, அது அடங்கும் வரை கக்குவான் மருந்து வேண்டாம். முன்பு ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடித்து, மூச்சு இழுத்து, மயங்கியிருந்தால் அதே ஊசியைத் திரும்பப் போடவே கூடாது. இது மிக மிக அபூர்வம். இதற்காகத்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறோம். ஆட்டோ காத்திருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள்.

நம் ஐந்து மாதக் குழந்தைக்கு வருவோம். "இவ்வளவு கேப் விட்டாச்சே, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?" என்று அம்மா கேட்டார். வேண்டாம். போட்டது போட்டதுதான், உடம்பு அதை மறக்காது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அன்றே இரண்டாவது, நாலு வாரம் கழித்து மூன்றாவது. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன். மூக்கு ஒழுகிக் கொண்டிருந்ததே தவிர நெஞ்சு சுத்தம்.

"இன்னிக்கும் சளி இருக்கே டாக்டர்?" என்றார் பாட்டி.

"இருக்கட்டும்மா" என்றேன். ஊசியைப் போட்டேன். அன்று இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. நூற்றொன்று டிகிரி. சிரப் எவ்வளவு என்று கேட்டார்கள், சொன்னேன். மறுநாள் சாயந்திரம் நானே போன் செய்து விசாரித்தபோது, குழந்தை குப்புற விழுந்து விளையாடிக் கொண்டிருந்ததாம். மூக்கு மட்டும் இன்னும் ஒழுகிக் கொண்டிருந்தது.